கொட்டிய தேநீரும் கேபின் பணியாளரின் அறிக்கையும்: நடுவானக் குலுக்கல் எப்போது ‘விபத்து’ ஆகிறது?

விமானம் பத்திரமாகத் தரையிறங்குகிறது. இறக்கை, இன்ஜின், சக்கரம் எதற்கும் சேதமில்லை. ஆனாலும் அந்தப் பயணம் அரசுப் பதிவேட்டில் ‘விபத்து’ என்று பதிவாகிறது. நடுவானில் விமானம் குலுங்கியபோது ஒரு பயணியின் கையிலிருந்த சூடான பானம் அவர் தொடையில் கொட்டியதுதான் காரணம்.

இப்படிச் செய்தி வரும்போது வாசகர்களுக்கு இரண்டு குழப்பங்கள் வருகின்றன. கோப்பை கவிழ்ந்ததற்குப் போய் விபத்து என்ற பெயரா? சீட் பெல்ட் விளக்கு எரியும்போது பயணி கையில் கொதிக்கும் தேநீர் எப்படி இருந்தது? இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே ஆவணத்தில்தான் கிடைக்கும். அது கேபின் பணியாளர் எழுதும் அறிக்கை. விமானத்தின் கறுப்புப் பெட்டி குலுக்கலை நொடிக்கணக்கில் பதிவு செய்யும். ஆனால் கோப்பையை யார், எப்போது கொடுத்தார்கள், அது எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

## எந்த அளவு காயம் ‘விபத்து’ ஆகும்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணைகளுக்கான பொது விதிகளைச் சொல்கிறது. விமானம் உடைய வேண்டும் என்பதில்லை. விமானத்தில் இருந்த காரணத்தால் ஒருவருக்கு ‘கடுமையான காயம்’ ஏற்பட்டால் அதுவும் விபத்துதான். எது கடுமையான காயம் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. எலும்பு முறிவு, உள்ளுறுப்புக் காயம், 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்க நேர்வது போன்றவற்றோடு தீக்காயமும் அதில் உண்டு. தீக்காயத்துக்கு இரண்டு அளவுகோல்கள்:

1. இரண்டாம் நிலை அல்லது மூன்றாம் நிலைத் தீக்காயம். இதற்குப் பரப்பளவு வரம்பு கிடையாது.
2. எந்த நிலையானாலும், உடல் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் பரவிய தீக்காயம்.

தோல் சிவந்து எரிவது முதல் நிலை. கொப்புளம் போட்டால் இரண்டாம் நிலை. தோலின் முழு ஆழமும் வெந்துபோவது மூன்றாம் நிலை. பரப்பைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் சுலபமான வழி, காயம்பட்டவரின் சொந்தக் கையை அளவாகக் கொள்வது. விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை, அவருடைய உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அப்படி ஐந்து கைகளைத் தாண்டினால் வெறும் சிவப்புகூடக் கடுமையான காயம்தான். ஆனால் கொப்புளம் வந்துவிட்டால் அளவே வேண்டாம், விதியின் எழுத்துப்படி சின்ன இடமே போதும்.

ஆக, அந்தப் பயணம் விபத்தா இல்லையா என்பதைப் பல நேரங்களில் ஒரு கொப்புளம் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அறிக்கையில் காயத்தைப் பற்றிய வரிகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

## ஒரு கோப்பை ஏன் இவ்வளவு காயப்படுத்துகிறது?

வானில் உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. அங்கே தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 92 டிகிரி செல்சியஸில். அதனால் விமானத் தேநீர் அவ்வளவாகச் சுடாது என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர்களின் தோல் 60 டிகிரி நீரில் ஏறக்குறைய 5 நொடி இருந்தாலே ஆழமாக வெந்துவிடும். 70 டிகிரியில் ஒரு நொடியே போதும். குழந்தைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு இந்த நேரம் இன்னும் குறைவு. 92 டிகிரி நீரில் ஊறிய தேநீர், பாலும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் ஆறிய பிறகும் இந்த எல்லைக்கு மேலே இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் இருக்கை. வீட்டில் தேநீர் கொட்டினால் துள்ளி எழுந்து துணியை உதறிவிடுகிறோம். விமானத்தில் இடுப்பில் பெல்ட், முன்னால் விரித்த தட்டு மேசை, பக்கத்தில் ஆள். எழவே முடியாது. கொட்டியது மடியிலும் தொடைகளுக்கு நடுவிலும் இருக்கைப் பள்ளத்திலும் தேங்குகிறது. கால்சட்டைத் துணி அதை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டி நிற்கிறது. ஒரு நொடியில் வழிந்து போயிருக்க வேண்டிய சூடு பல நொடிகள் அங்கேயே இருந்துவிடுகிறது. விமானத்தில் சூடான பானத்தால் வரும் காயங்கள் தொடையிலும் இடுப்புக்குக் கீழும் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

## விளக்கு எரிந்தால் சேவை நிற்க வேண்டாமா?

சீட் பெல்ட் விளக்கு பயணிகளுக்கானது. பணியாளர்களுக்கு விமானி தனியாகச் சொல்வார். இது பலருக்குத் தெரியாது. பல நிறுவனங்களில் நடைமுறை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. லேசான குலுக்கல்: பெல்ட் லேசாக இழுப்பது தெரியும், நடப்பதில் பெரிய சிரமம் இருக்காது. சேவை தொடரலாம். சூடான பானத்தை மட்டும் நிறுத்துவார்கள், அல்லது மிகக் கவனமாகக் கொடுப்பார்கள்.
2. நடுத்தரக் குலுக்கல்: கட்டி வைக்காத பொருள்கள் இடம் மாறும், நடப்பது கடினம். சேவை நின்றுவிடும், தள்ளுவண்டிகள் திரும்பப் போய்ப் பூட்டப்படும்.
3. கடுமையான குலுக்கல்: நடக்கவே முடியாது. பணியாளர் நின்ற இடத்திலேயே வண்டிக்கு பிரேக் போட்டு, சூடான குடுவையை வண்டிக்குள்ளோ தரையிலோ வைத்துவிட்டு, கிடைத்த இருக்கையில் உட்கார வேண்டும்.

தாளில் இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. குலுக்கல் படிப்படியாக வந்தால் இந்த முறை வேலையும் செய்யும். ஆனால் அது எப்போதும் அப்படி வருவதில்லை. தெளிந்த வானத்தில் மேகமே இல்லாத இடத்தில் வரும் குலுக்கலை விமானத்தின் வானிலை ரேடார் காட்டாது. மழைத்துளி இருந்தால்தான் அந்த ரேடாருக்கு எதிரொலி கிடைக்கும். இடிமேகத்துக்குப் பக்கத்திலும், அது வளர்ந்துவரும்போது அதற்கு மேலேயும் நிலைமை நொடிகளில் மாறிவிடலாம்.

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321 விமானம் இதற்குத் தெளிவான சான்று. மியான்மருக்கு மேலே பறந்தபோது அது கடுமையாகக் குலுங்கி, ஒருவர் இறந்து, பலர் காயமடைந்தார்கள். சிங்கப்பூர் விசாரணை அமைப்பு வெளியிட்ட முதற்கட்டத் தகவலின்படி, சீட் பெல்ட் விளக்கு போடப்பட்டதாக விமானி சொன்ன குரல் பதிவாகி 8 நொடிகளில் பெரிய குலுக்கல் வந்துவிட்டது. செங்குத்து விசை 0.6 நொடிக்குள் புவியீர்ப்பைப் போல 1.35 மடங்கிலிருந்து எதிர்த்திசையில் 1.5 மடங்குக்கு மாறியது. விசை எதிர்த்திசைக்குப் போவது என்றால், கட்டப்படாத எதுவும் கூரையை நோக்கிப் போகும் என்று பொருள். கோப்பையில் இருக்கும் தேநீரும் அப்படித்தான். பெல்ட் பயணியை இருக்கையில் பிடித்து வைக்கும். தேநீரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

அதன் பிறகு அந்த நிறுவனம், சீட் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானத்தோடு உணவுச் சேவையையும் நிறுத்திவைக்கும் முறைக்கு மாறியது. கொரியன் ஏர் நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், எகானமி வகுப்பில் கோப்பை நூடுல்ஸ் கொடுப்பதையே கைவிட்டது. வெந்நீர் கொட்டிப் பயணிகள் காயமடையும் ஆபத்தைத்தான் அது காரணமாகச் சொன்னது.

## அறிக்கை எப்படி எழுதப்படுகிறது?

சம்பவத்துக்குப் பிறகு பணியாளர் எழுதுவது பொதுவாக ஒரே தாள் அல்ல. நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு ஓர் அறிக்கை போகும். கொடுத்த முதலுதவிக்குத் தனிப் படிவம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில், குலுக்கலில் யாராவது காயமடைந்தால் அது கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நிகழ்வு. சம்பவத்தை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கேப்டன் தெரிவித்துவிட வேண்டும். அமெரிக்காவில் இவற்றோடு இன்னொரு வழியும் இருக்கிறது. 1976 முதல் நாசா நடத்திவரும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறைக்கு விமானி, கேபின் பணியாளர் என யாரும் தாமாக எழுதலாம். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிய பிறகே அது தரவுத் தொகுப்பில் சேரும். தண்டிப்பது அதன் நோக்கமல்ல. அதனால்தான் பணியாளர்கள் அங்கே மனம் திறந்து எழுதுகிறார்கள்.

நல்ல அறிக்கை எதை வெளிக்கொண்டுவரும் என்பதைப் பார்க்க, இந்த விளக்கத்துக்காகவே அமைத்த ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 180 பேர் செல்லும், ஒற்றை நடைபாதை கொண்ட விமானம், மூன்று மணி நேரப் பயணம். முதலில், அவசரத்தில் எழுதிய அறிக்கை:

> “சேவையின்போது திடீரென்று கடுமையான குலுக்கல் ஏற்பட்டது. 23சி பயணி மீது தேநீர் கொட்டிவிட்டது. முதலுதவி கொடுத்தோம். பயணி நலமாக இருந்தார்.”

இதில் பொய் இல்லை. ஆனால் விசாரிப்பவருக்குப் பயன்படும் தகவலும் இல்லை. இப்போது அதே சம்பவம், நேரத்தோடு:

> “14:05 – இன்னும் சுமார் 20 நிமிடத்தில் லேசான குலுக்கல் வரலாம் என்று கேப்டன் இன்டர்காமில் சொன்னார். சேவை தொடரலாம் என்றார்.
> 14:19 – 23சி பயணிக்குத் தேநீர் கொடுத்தேன். காகிதக் கோப்பை, முக்கால் பங்கு நிரம்பியது, மூடி இல்லை.
> 14:21 – லேசான குலுக்கல். பெல்ட் விளக்கு எரிந்தது. சூடான பானம் ஊற்றுவதை நிறுத்தினேன். அதற்குள் எங்கள் வண்டியிலிருந்து ஆறு கோப்பைகள் கொடுத்திருந்தோம்.
> 14:24 – விமானம் சட்டென்று கீழே இறங்கியது போல இருந்தது. நான் முழங்காலில் விழுந்தேன். 23சி பயணி கோப்பையைக் கையில் பிடித்திருந்தார், பெல்ட் போட்டிருந்தார். தேநீர் வலது தொடையில் கொட்டியது.
> 14:25 – பணியாளர்கள் உட்காரும்படி கேப்டன் அறிவித்தார். நனைந்த துணியைத் தோலிலிருந்து தூக்கிப் பிடிக்கும்படி பயணியிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு, காலி இருக்கையில் உட்கார்ந்தேன்.
> 14:29 – எழ அனுமதி கிடைத்தது. குடிநீர் பாட்டில்களால் காயத்தில் தண்ணீர் விடத் தொடங்கினோம்.
> 14:50 – பயணியின் ஒன்றரை உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. நடுவில் ஒரு சிறு கொப்புளம்.”

இரண்டாவது அறிக்கையில் ‘கடுமையான குலுக்கல்’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது சரியான முடிவு. விமானத்தின் பின்பகுதியில் அசைவு முன்பகுதியை விடப் பலமாகத் தெரியும். விமானி நடுத்தரம் என்று பதிவு செய்த ஒன்றைப் பின்னால் நின்றவர் கடுமையானது என்று உணரலாம். எவ்வளவு விசை இருந்தது என்பதை விமானத்தின் கருவிகள் சொல்லிவிடும். பணியாளர் தான் கண்டதையும் தனக்கு நேர்ந்ததையும் எழுதினால் போதும்.

முக்கியமான மூன்று நேரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கோப்பை கொடுத்தது 14:19, விளக்கு எரிந்தது 14:21, தேநீர் கொட்டியது 14:24. பணியாளர் விதியை மீறவில்லை. விளக்கு எரிந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். ஓட்டை விதியில்தான் இருக்கிறது. ‘ஊற்றுவதை நிறுத்து’ என்று அது சொல்கிறது, ஏற்கெனவே கொடுத்த ஆறு கோப்பைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தேநீர் அடுத்த பல நிமிடங்களுக்குத் தோலை வேகவைக்கும் சூட்டில்தான் இருக்கும். குலுங்கும்போது எழுந்து போய்க் கோப்பைகளைத் திரும்ப வாங்குவதும் சரியான தீர்வல்ல. குலுக்கலில் அதிகம் காயமடைவது பணியாளர்களே. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கில் 2009 முதல் 2022 வரை குலுக்கலால் கடுமையான காயமடைந்தவர்கள் 163 பேர். அவர்களில் 129 பேர் விமானப் பணியாளர்கள்.

ஆகவே விளக்கு எரிவதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்க வேண்டும். 14:05க்கே முன்னறிவிப்பு வந்துவிட்டது. 14:19க்குச் சூடான தேநீர் கொடுத்திருக்க வேண்டுமா? முன்னறிவிப்பு வந்தால் குளிர்பானத்தை மட்டும் கொடுப்பது, மூடி போட்ட கோப்பை, பாதி அளவு, குறைந்த சூடு என்று பல வழிகள் உண்டு. மூடி போட்டால் சிறு குலுக்கலில் தளும்புவது குறையும், ஆனால் கோப்பையே தூக்கி எறியப்பட்டால் அதுவும் கழன்றுவிடும். அதனால் சூட்டைக் குறைப்பதும், எச்சரிக்கை வந்ததும் சூடான பானத்தைத் தள்ளிப்போடுவதும்தான் அதிகம் பலன் தரும் என்று தோன்றுகிறது. நேரங்கள் இல்லாத முதல் அறிக்கையிலிருந்து இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் எழுப்பியிருக்க முடியாது.

## அறிக்கைக்குப் பின் மாறும் காயம்

தீக்காயத்துக்கு ஒரு தன்மை உண்டு. அதன் உண்மையான ஆழம் உடனே தெரியாது. முதல் மணி நேரத்தில் வெறும் சிவப்பாக இருப்பது அன்று இரவோ மறுநாளோ கொப்புளமாகலாம். ‘பயணி நலமாக இருந்தார்’ என்ற வாக்கியம் ஆபத்தானது இதனால்தான். தரையிறங்கும்போது நிகழ்வு மட்டுமே என்று வகைப்படுத்தப்பட்ட ஒன்று, மறுநாள் மருத்துவர் இரண்டாம் நிலை என்று எழுதியதும் விபத்தாக மாறலாம். தரையிறங்கிய சில நாள் கழித்து ‘விபத்து விசாரணை’ என்று செய்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். யாரோ எதையோ மறைத்துப் பிறகு மாட்டிக்கொண்டார்கள் என்று எப்போதும் கருத வேண்டியதில்லை.

முதலுதவியிலும் விமானத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் சரியான முறை. கழிப்பறைக் குழாயில் அவ்வளவு நீர் வராது, அங்கே தொடையைக் காட்டவும் முடியாது. குடிநீர் பாட்டில்களும் நனைத்த துணியும்தான் வழி. பனிக்கட்டியை நேராக வைக்கக் கூடாது, வெந்த தோல் மேலும் சேதமாகும். தண்ணீர் விடத் தொடங்கிய நேரத்தையும் எவ்வளவு நேரம் விட்டார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதினால் தரையில் இருக்கும் மருத்துவருக்கு உதவும். எடுத்துக்காட்டில் 14:24 முதல் 14:29 வரை யாரும் பயணியிடம் போக முடியவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை மறைக்காமல் எழுதுவது பணியாளருக்கே பாதுகாப்பு. கேப்டனின் உத்தரவால்தான் உட்கார்ந்தார் என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

## இழப்பீட்டுக்கு யார் எதை நிரூபிக்க வேண்டும்?

சர்வதேசப் பயணம் என்றால் பெரும்பாலும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. அதன் 17ஆம் பிரிவின்படி, விமானத்துக்குள் நடந்த விபத்தால் உடல் காயம் ஏற்பட்டால் நிறுவனமே பொறுப்பு. இங்கே ‘விபத்து’ என்பது நாம் முதலில் பார்த்த விசாரணை விதியின் வரையறை அல்ல, இன்னும் விரிவானது. கொப்புளம் வந்ததா என்ற அளவுகோல் இதற்கு இல்லை.

நமக்கு வேண்டிய தீர்ப்பு ஒன்றை ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தந்தது. மயோர்க்காவிலிருந்து வியன்னா சென்ற விமானத்தில், தந்தையின் முன்னால் தட்டு மேசையில் இருந்த சூடான காபி சரிந்து, பக்கத்தில் இருந்த ஆறு வயதுச் சிறுமியின் மீது கொட்டி இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டது. மேசையில் பழுதா, விமானத்தின் அதிர்வா என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. விமானப் பயணத்துக்கே உரிய ஆபத்தால் நடந்தது என்று காட்டினால்தான் பொறுப்பு என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பயணிகளுக்குப் பரிமாறப் பயன்படும் பொருளால் விமானத்துக்குள் காயம் ஏற்பட்டால் அதுவே விபத்து, விமானத்துக்கே உரிய ஆபத்தா என்று ஆராயத் தேவையில்லை என்றது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள், கொட்டியதற்குக் காரணம் குலுக்கல் என்று பயணி நிரூபிக்க வேண்டிய சுமை இதனால் இல்லாமல் போனது.

இழப்பீட்டில் இரண்டு அடுக்குகள் உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் முதல் அடுக்கின் வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு இது, அமெரிக்க டாலரில் 2 லட்சத்துக்குச் சற்று மேல் வரும். நிரூபிக்கப்பட்ட இழப்பு இதற்குள் இருந்தால், தன்மீது தவறில்லை என்று சொல்லி நிறுவனம் தப்ப முடியாது. இதைத் தாண்டும் தொகைக்கு மட்டுமே அந்த வாதம் எடுபடும். ஆனால் பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று காட்டினால் இரண்டு அடுக்கிலுமே தொகை குறையலாம். பெல்ட் போட்டிருந்தாரா, கோப்பையை வைக்கும்படி யாராவது சொன்னார்களா என்ற வரிகள் அறிக்கையில் இருக்கிறதா என்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் தேடுவது இதற்காகத்தான்.

அந்த அறிக்கை தானாகப் பயணி கைக்கு வராது, நிறுவனத்தின் உள் ஆவணமாகவே இருக்கும். எனவே காயம்பட்டவர் தன் பக்கத்துப் பதிவைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். முதலுதவி கொடுத்ததாக ஒரு குறிப்பை இறங்கும் முன்பே கேட்கலாம். விமான நிலைய மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்கலாம். கொப்புளம் தாமதமாக வரக்கூடியது என்பதால், அன்று எடுத்த படத்தோடு மறுநாள் காலை எடுத்த படத்தையும் தேதியோடு வைத்திருப்பது நல்லது. வழக்குப் போட, விமானம் சேருமிடம் வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம். அதற்குப் பிறகு அந்த உரிமையே போய்விடும்.